அவசர மெயில் எத்தனை தப்புகிறது? வகைவாரியாகப் பிரிசிஷனும் ரீகாலும் பார்க்கும் முறை

மெயில்களை வகை பிரிக்கும் நிரலைச் செய்து முடித்தவர் முதலில் சொல்லும் எண் ‘நூற்றுக்கு 94 சரி’ என்பதாக இருக்கும். அந்த எண் பொய்யல்ல. ஆனால் ஆயிரம் மெயிலில் இருபதுதான் அவசரமானவை என்றால், அந்த இருபதையும் கோட்டை விட்ட நிரல்கூட 98 வரை எடுக்க முடியும். அவசர வகைக்கு 94 எதையும் சொல்வதில்லை. அதற்கு ஒவ்வொரு வகையையும் தனியாக எடுத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: நிரல் அந்த வகை என்று சொன்னவற்றில் எத்தனை உண்மை, உண்மையில் அந்த வகையானவற்றில் எத்தனை பிடிபட்டன. அந்த இரண்டு கேள்விகளுக்கும் பெயர்தான் பிரிசிஷன், ரீகால்.

எண்களோடு பார்ப்பதற்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கொழும்புக் கோட்டைப் பக்கம் ஒரு கிளியரிங், ஃபோர்வர்டிங் கந்தோர். எல்லா மெயிலும் ஒரே இன்பாக்ஸில்தான் வந்து விழும். சென்னையிலிருந்து ஒரு கொண்டெய்னர் கொண்டுவர எவ்வளவு என்று கேட்பவை, இன்வொய்ஸ், காசு கட்டிய பற்றுச்சீட்டு, கப்பல் கம்பனிகளின் கால அட்டவணை, விளம்பரம் என்று பெரும்பாலானவை நாளைக்குப் பார்த்தாலும் ஒன்றும் ஆகாதவை. இடையிடையே வேறு மாதிரி ஒன்று வரும். மீன் ஏற்றிய ரீஃபர் என்ற குளிரூட்டிய கொண்டெய்னரின் வெப்பநிலை ஏறுகிறது என்று. இன்று பின்னேரத்துக்குள் டெலிவரி ஓடர் எடுக்காவிட்டால் நாளையிலிருந்து டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடும் என்று. சுங்கப் பத்திரமான கஸ்டெக்கில் ஓர் இலக்கம் பிழை, சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று. நிரலின் வேலை இவற்றைப் பொறுக்கி எடுத்து உடனே ஒரு மனிதரின் கண்ணில் படவைப்பது. கீழே வரும் எண்கள் கணக்கை விளக்க நான் அமைத்தவை. செய்முறை எந்த இன்பாக்ஸுக்கும் பொருந்தும்.

முதலில் ‘அவசரம்’ எது என்று எழுதி வையுங்கள்

தலைப்பில் ‘URGENT’ என்று போட்டதெல்லாம் அவசரமில்லை. விலை கேட்பவர்களில் பலர் அதைப் பழக்கத்தில் போடுகிறார்கள். உண்மையிலேயே அவசரமான மெயிலில் அந்தச் சொல் பெரும்பாலும் இருக்காது. ஆகவே விதியைச் சொல்லில் வைக்காமல் விளைவில் வையுங்கள்: ‘மெயில் வந்து 4 மணித்தியாலத்துக்குள் யாரும் கை வைக்காவிட்டால் காசோ சரக்கோ நட்டமாகும்.’ நான்கா எட்டா என்பதை அந்த வேலையைச் செய்பவர்கள் தீர்மானிக்கட்டும். நிரல் எழுதுபவர் தீர்மானிக்கக் கூடாது.

அந்த விதியை இரண்டு பேரிடம் கொடுத்து, ஒரே 200 மெயிலை ஒருவர் மற்றவர் குறித்ததைப் பார்க்காமல் வகைப்படுத்தச் சொல்லுங்கள். இருவரில் யாராவது ஒருவர் அவசரம் என்றவற்றில் பாதியைத்தான் இருவரும் சேர்ந்து ஒத்துக்கொள்கிறார்கள் என்றால், விதி இன்னும் தெளிவில்லை. மனிதர்களே இணங்காத இடத்தில் நிரல் எடுக்கும் ரீகாலுக்கு அர்த்தமில்லை. அந்த நிலையில் மேலே போக வேண்டாம். இருவரையும் உட்கார வைத்து, முரண்பட்ட மெயில்களை வாசித்து, விதியைத் திருத்துங்கள்.

பரீட்சை மெயில்களைப் பிரித்து வைப்பது

நிரல் கற்றுக்கொண்ட மெயிலிலேயே அதைப் பரீட்சிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மெயிலில் இது எதிர்பாராத வழியில் நடந்துவிடும். ஒரே விடயத்துக்குப் பத்துப் பதில் போயிருக்கும், ஒவ்வொரு பதிலின் அடியிலும் பழைய மெயில் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். குலுக்கிப் பிரித்தால் மூன்றாவது பதில் கற்கும் பக்கமும் நான்காவது பதில் பரீட்சைப் பக்கமும் விழும். நிரல் ஏற்கெனவே பார்த்த வரிகளை மறுபடி பார்த்துவிட்டு நல்ல மதிப்பெண் வாங்கும். ஓர் உரையாடல் முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு நேரம் பார்த்துப் பிரிப்பதுதான் நல்ல வழி: ஒரு திகதி வரை வந்தவை கற்க, அதற்குப் பிறகு தொடங்கிய உரையாடல்கள் பரீட்சைக்கு.

நம் உதாரணத்தில் பரீட்சைக்கு ஒரு கிழமையில் வந்த 1000 மெயிலும் அப்படியே. வகைகளைச் சமப்படுத்த எதையும் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. அவசரம் 20, விலைக்கேள்வி 330, கணக்கு 250, பொது 400.

குழப்ப அட்டவணையை வாசிப்பது

பைத்தனில் scikit-learn வைத்திருந்தால் இரண்டு வரி போதும்:

```python
from sklearn.metrics import confusion_matrix, classification_report

names = ["avasaram", "vilai", "kanakku", "pothu"]
print(confusion_matrix(y_test, y_pred, labels=names))
print(classification_report(y_test, y_pred, labels=names, zero_division=0))
```

`labels` கொடுக்காவிட்டால் வகைப் பெயர்கள் அகரவரிசையில் அடுக்கப்படும். எந்த வரிசை எந்த வகை என்று தெரியாமல் தடுமாற வேண்டிவரும். உண்மை முதலாவது, நிரல் சொன்னது இரண்டாவது என்ற ஒழுங்கும் முக்கியம். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, பிரிசிஷனும் ரீகாலும் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அறிக்கையின் `support` என்ற பத்தியில் அவசரத்துக்கு 20 என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

முதல் `print` வரி நமக்கு இந்த அட்டவணையைத் தருகிறது. படுக்கை வரிசை உண்மையான வகை. நெடுக்குப் பத்தி நிரல் சொன்ன வகை.

| உண்மை ↓ / சொன்னது → | அவசரம் | விலை | கணக்கு | பொது | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| அவசரம் | 8 | 7 | 1 | 4 | 20 |
| விலை | 3 | 310 | 5 | 12 | 330 |
| கணக்கு | 1 | 6 | 238 | 5 | 250 |
| பொது | 0 | 9 | 7 | 384 | 400 |
| மொத்தம் | 12 | 332 | 251 | 405 | 1000 |

மூலைவிட்டத்தில் இருப்பவை சரியானவை: 8, 310, 238, 384. கூட்டினால் 940. நூற்றுக்கு 94 வந்தது இப்படித்தான்.

இப்போது அவசரத்தின் படுக்கை வரிசையில் மட்டும் விரல் வையுங்கள். உண்மையில் அவசரமானவை 20, அவற்றில் பிடிபட்டவை 8. எட்டை இருபதால் வகுத்தால் 0.40. இதுதான் அவசர வகையின் ரீகால். கந்தோரின் மொழியில் சொன்னால், அவசரமாக வந்த ஐந்தில் மூன்று யார் கண்ணிலும் படாமல் சாதாரண மெயிலோடு சேர்ந்து கிடந்தது.

அடுத்து அதே அவசரத்தின் நெடுக்குப் பத்தி. நிரல் 12 தடவை அவசரம் என்று மணியடித்தது, அவற்றில் உண்மையானவை 8. எட்டைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.67. இது பிரிசிஷன். மூன்று தடவை எழுந்து ஓடினால் ஒரு தடவை வீண் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் மேலே இருப்பது அதே 8தான், கீழே வகுக்கும் எண் மட்டும் மாறுகிறது. படுக்கையாகக் கூட்டியதால் வகுத்தால் ரீகால், நெடுக்காகக் கூட்டியதால் வகுத்தால் பிரிசிஷன். புதியவர்களுக்கு இதை நினைவில் வைக்கச் சூத்திரத்தைவிட அட்டவணைதான் உதவும் என்பது என் எண்ணம்.

மற்ற வகைகளுக்கும் அப்படியே போட்டுப் பாருங்கள். விலைக்கு ரீகால் 0.94, பிரிசிஷன் 0.93. கணக்குக்கு இரண்டும் 0.95. பொதுவுக்கு 0.96, 0.95. அவசரம் மட்டும் வேறு உலகத்தில் இருக்கிறது.

சராசரிகளில் எதை நம்பலாம்

`classification_report` அடியில் சில சராசரிகளையும் அச்சிடும். பிரிசிஷனையும் ரீகாலையும் சேர்த்துச் செய்த F1 என்ற எண் அவசரத்துக்கு 0.50. ஆனால் `weighted avg` வரியில் F1 0.94 என்று வரும். அது ஒவ்வொரு வகையையும் அதில் எத்தனை மெயில் இருக்கிறதோ அந்தளவுக்கு எடை போட்டுக் கூட்டுகிறது. ஆயிரத்தில் இருபது மெயிலுக்கு அங்கே நூற்றுக்கு இரண்டு எடைதான். `macro avg` நான்கு வகையையும் சமமாகக் கூட்டி நான்கால் வகுக்கிறது. அது 0.84க்கு இறங்கி, எங்கோ ஓட்டை இருக்கிறது என்று காட்டும். எங்கே என்று அதுவும் சொல்லாது.

அவசர வகை அரிதாக இருக்கும் வேலையில் சராசரி எதையும் தலைப்பு எண்ணாக வைக்க மாட்டேன். கந்தோரில் வார்ஃப் வேலை பார்க்கும் ஒருவர் கேட்கப்போவது ‘தம்பி, அவசரமா வாறதில எத்தனை தப்பும்? சும்மா எத்தனை தரம் எங்களை ஓட வைக்கும்?’ என்பதுதான். அதற்கு இரண்டு எண்தான் பதில். அந்த இரண்டையும் கலந்து ஒன்றாக்கினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரு தப்பும் ஒரு வீண் ஓட்டமும் அவருக்குச் சமமான நட்டமும் அல்ல.

தவறிய 12 மெயிலையும் வாசியுங்கள்

அரிதான வகையில் ஒரு வசதி இருக்கிறது: தவறியவை கொஞ்சம்தான், எல்லாவற்றையும் ஒரு மத்தியானத்தில் வாசித்து முடிக்கலாம். எந்தக் கட்டத்தில் போய் விழுந்தன என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லும்.

ஏழு மெயில் விலைக்கேள்விக்குள் போயிருக்கின்றன. திறந்து பார்த்தால் எல்லாம் நீண்ட உரையாடல்கள். மேலே இரண்டு வரியில் ‘கொண்டெய்னருக்குக் கரண்ட் கொடுக்கவில்லை என்கிறார்கள், உடனே பாருங்கள்’ என்று இருக்கும். கீழே அதுவரை நடந்த விலைப் பேச்சு நான்கு பக்கத்துக்கு ஒட்டியிருக்கும். நிரலின் பார்வையில் அது விலை மெயில்தான். புதிதாக எழுதிய பகுதியை மட்டும் வெட்டி நிரலுக்குக் கொடுத்தால் இவற்றில் பல பிடிபடும். பின்னால் பார்க்கப்போகும் வெட்டுப்புள்ளியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

பொதுவுக்குள் விழுந்த நான்கும் கொழும்புக்கே உரியவை. ‘அண்ணா கொண்டெய்னர் இன்னும் ரிலீஸ் ஆகல’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டியிருப்பார்கள். இன்னொன்று சிங்களத்தை ஆங்கில எழுத்தில் எழுதி, நடுவில் அவசரம் என்று பொருள்படும் ‘ஹதிசி’ என்ற சொல்லைப் போட்டிருக்கும். கற்கக் கொடுத்த அவசர மெயில்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் என்றால் நிரலுக்கு இவை வெறும் எழுத்துக் குவியல். ஆகவே அவசரத்தின் ரீகாலை மொழி வாரியாகவும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 14க்கு 8, மற்றவற்றில் 6க்கு 0 என்று வந்தால், மொத்தத்தில் 0.40 என்பது யாருடைய நிலையையும் காட்டாத எண்.

இந்த வாசிப்பிலிருந்து இன்னொன்றும் தெரியவரும். விலை கேட்கும் மெயில் அவசரமாகவும் இருக்கலாம், கணக்கு மெயிலும் அப்படியே. ‘என்ன விடயம்’ என்பது ஒரு கேள்வி, ‘எவ்வளவு அவசரம்’ என்பது வேறு கேள்வி. நான்கில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம் என்று நிரலைக் கட்டிப்போட்டால், இரண்டுக்கும் உரிய மெயிலில் அது ஒன்றைக் கைவிடத்தான் வேண்டும். முடிந்தால் விடயத்துக்கு ஒரு நிரலும், அவசரமா இல்லையா என்பதற்குத் தனி நிரலும் வையுங்கள். முடியாவிட்டால், அடுத்த படியில் செய்வதுபோல் அவசரத்துக்கான நிகழ்தகவை மட்டும் தனியாக எடுத்துக் கொடி ஏற்றலாம்.

வெட்டுப்புள்ளியை நகர்த்துவது

பெரும்பாலான நிரல்கள் ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிகழ்தகவு கொடுத்து, அதிகமானதைத் தெரிவு செய்கின்றன. அரிதான வகைக்கு இது பாதகம். ஒரு மெயிலுக்கு விலை 0.55, அவசரம் 0.35 என்று வந்தால் விலைதான் வெல்லும். ஆயிரத்தில் இருபதே அவசரமாக வரும் இடத்தில், ஒரு மெயிலுக்கு 0.35 வருவது சாதாரண விடயமல்ல. யாராவது பார்க்க வேண்டிய மெயில் அது.

ஆகவே அவசரத்தின் நிகழ்தகவு ஒரு வெட்டுப்புள்ளியைத் தாண்டினால், வேறு எந்த வகை வென்றாலும் கொடி ஏறட்டும்.

```python
p = model.predict_proba(X_val)
u = list(model.classes_).index("avasaram")
for v in (0.50, 0.30, 0.15, 0.05):
    alarm = p[:, u] >= v
    hit = (alarm & (y_val == "avasaram")).sum()
    print(v, alarm.sum(), hit)
```

`y_val` ஒரு numpy அணியாக இருக்க வேண்டும். இங்கே `X_val` என்பது பரீட்சைத் தொகுப்பல்ல, அதற்கு முந்தைய கிழமையின் 1000 மெயில். அதிலும் அவசரம் 20 என்று வைத்துக்கொள்வோம். வெட்டுப்புள்ளியைப் பரீட்சை மெயிலிலேயே தேடிப் பிடித்துவிட்டு அதே மெயிலில் ரீகாலை அறிவித்தால், விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சையாகிவிடும்.

| வெட்டுப்புள்ளி | ஏறிய கொடி | பிடிபட்டது | ரீகால் | பிரிசிஷன் |
|---|---|---|---|---|
| 0.50 | 9 | 7 | 0.35 | 0.78 |
| 0.30 | 18 | 11 | 0.55 | 0.61 |
| 0.15 | 48 | 16 | 0.80 | 0.33 |
| 0.05 | 190 | 19 | 0.95 | 0.10 |

வெட்டுப்புள்ளியை இறக்க இறக்க ரீகால் ஏறுகிறது, பிரிசிஷன் இறங்குகிறது. எங்கே நிறுத்துவது என்பதைக் கணினி சொல்லாது. கொடி ஏறிய மெயிலைப் பார்ப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை பார்ப்பார் என்று கேளுங்கள். கிழமைக்கு ஐந்து வேலை நாள் என்றால், 0.15இல் நாளுக்குப் பத்துக் கொடி. ஒன்றைத் திறந்து மூடிவிட ஒரு நிமிடம் என்றாலும் பத்து நிமிட வேலை. அதற்குப் பதிலாக ஒரு கிழமையில் ஐந்து அவசரம் கூடுதலாகக் கைக்கு வருகிறது (0.30உடன் ஒப்பிட்டால்). ஒரு ரீஃபர் சரக்கின் பெறுமதியை நினைத்தால் இது பேச்சுக்கே இடமில்லாத பேரம். 0.05இல் நாளுக்கு 38 கொடி, அவற்றில் 34 வெறும் சத்தம். இரண்டாவது கிழமையில் யாரும் கொடியைப் பார்க்க மாட்டார்கள். அப்போது தாளில் ரீகால் 0.95 இருக்கும், கந்தோரில் பூச்சியம்.

0.05இலும் தவறிய அந்த ஒன்றையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அது ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்ற ஒரு வரியும் ஒரு PDF கோப்புமாக இருக்கும். செய்தி முழுவதும் இணைப்புக்குள். நிரல் இணைப்பை வாசிக்காத வரைக்கும் எந்த வெட்டுப்புள்ளியும் அதைப் பிடிக்காது.

அவசரத்தைக் கூட்டிவைத்துப் பரீட்சித்தால் என்ன நடக்கும்

இருபது மெயிலை வைத்து ரீகால் சொல்வது மெல்லிய தளம். 20இல் 8 என்றால் 0.40தான், ஆனால் சிறு மாதிரியின் நிச்சயமின்மையைக் கணக்கிடும் வில்சன் முறையில் 95% இடைவெளி போட்டால் உண்மையான ரீகால் 0.22க்கும் 0.61க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அடுத்த கிழமை 11 பிடிபட்டால் நிரல் திருந்திவிட்டது என்று கொண்டாட வேண்டாம். நூறு அவசர மெயிலில் 40 என்றால் இடைவெளி 0.31 முதல் 0.50 வரை என்று சுருங்கும். ஆகவே பழைய மாதங்களிலிருந்து அவசர மெயில்களைத் தேடி நூறு சேர்ப்பது நல்ல வேலை. ‘urgent’ என்ற சொல்லைத் தேடி மட்டும் சேர்க்காதீர்கள். நிரல் எளிதாகப் பிடிக்கும் மெயில்களே குவிந்து, ரீகால் பொய்யாக ஏறும்.

பொறி இதற்குப் பிறகுதான் இருக்கிறது. நூறு அவசரம் சேர்த்தாயிற்று, சமநிலையாக இருக்கட்டும் என்று நூறு சாதாரண மெயிலையும் வைத்து 200இல் பரீட்சிக்கிறார்கள். 0.15 வெட்டுப்புள்ளியில் பார்ப்போம். அவசரத்தில் 80 பிடிபடுகிறது. சாதாரண மெயிலில் வீண் கொடி ஏறும் விகிதம் முன்பு பார்த்த கிழமையில் 980க்கு 32, நூற்றுக்கு மூன்றே சொச்சம். ஆகவே இந்த நூறில் மூன்று வீண் கொடி. பிரிசிஷன் 83க்கு 80, அதாவது 0.96!

அதே நிரல், அதே வெட்டுப்புள்ளி, ஆனால் இன்பாக்ஸில் 0.33. இரண்டு எண்ணும் சரியாகக் கணக்கிடப்பட்டவைதான். ரீகால் அவசர மெயில்களுக்குள்ளேயே எண்ணப்படுவதால் அவை எத்தனை அரிது என்பது அதைத் தொடுவதில்லை. பிரிசிஷனில் அவசரமும் சாதாரணமும் ஒரே நெடுக்குப் பத்தியில் கலக்கின்றன. சாதாரண மெயில் எவ்வளவு அதிகமோ, அந்தச் சிறு விகிதம் அவ்வளவு வீண் கொடியாகப் பெருகும். யாராவது சமநிலைத் தொகுப்பில் எடுத்த பிரிசிஷனைக் காட்டினால், தொகுப்பில் அவசரத்தின் பங்கு என்ன என்று முதலில் கேளுங்கள்.

சேர்த்த நூறு அவசரமும் வீணாகாமல் பிரிசிஷனும் நேர்மையாக வர ஒரு வழி உண்டு. ரீகாலை அந்த நூறிலிருந்து எடுங்கள். வீண் கொடி விகிதத்தை, குலுக்கி எடுத்த சாதாரண மெயில்களிலிருந்து எடுங்கள். பிறகு இன்பாக்ஸில் அவசரத்தின் உண்மையான பங்கை வைத்து இரண்டையும் சேருங்கள்:

```python
r, f, share = 0.80, 32/980, 0.02
precision = r*share / (r*share + f*(1 - share))
```

0.33 வரும். `share` என்பதை மாற்றிப் பார்த்தால் இன்னொரு விடயமும் தெரியும். போயா விடுமுறையன்று வங்கியும் கந்தோர்களும் பூட்டு, விலை கேட்பவர்களும் இன்வொய்ஸ் அனுப்புபவர்களும் எழுத மாட்டார்கள். துறைமுகம் மட்டும் ஓயாது, ரீஃபர் மெயில் வந்துகொண்டேதான் இருக்கும். அன்றைக்கு இன்பாக்ஸில் அவசரத்தின் பங்கு நூற்றுக்குப் பத்தாக உயர்ந்தால், நிரலில் எதையும் தொடாமலே பிரிசிஷன் 0.73க்கு ஏறும். சித்திரைப் புத்தாண்டு கிழமையில் எடுத்த பிரிசிஷனை ஓகஸ்ட் மாதத்தோடு ஒப்பிட்டு முடிவு எடுக்காதீர்கள். நிரல் மாறியதா, மெயிலின் கலவை மாறியதா என்று பிரித்தறிய `r`, `f` இரண்டையும் தனித்தனியே பதிந்து வையுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு ரீகாலை எங்கே தேடுவது

நிரல் வேலைக்குப் போன பிறகு பிரிசிஷன் தானாகவே கைக்கு வரும். கொடி ஏறிய மெயிலைத் திறப்பவர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். ரீகால் அப்படி வராது. தவறிய மெயில் கொடி ஏறாத குவியலில் கிடக்கும், அதை யாரும் அவசரமா என்று பார்க்கப் போவதில்லை.

கொடி ஏறாதவற்றிலிருந்து கிழமைக்கு நூறு எடுத்து வாசிப்போம் என்று பலர் தொடங்குவார்கள். கணக்குப் பாருங்கள். 0.15இல் கொடி ஏறாதவை 952, அவற்றுக்குள் மறைந்திருக்கும் அவசரம் 4. குலுக்கி எடுத்த நூறில் ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. நூறு மெயிலை வாசித்துவிட்டு ‘ஒன்றும் தப்பவில்லை’ என்று எழுதுவது வெறும் அதிர்ஷ்டம்.

அந்த நூறை வேறு மாதிரிப் பங்கிடுங்கள். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே, 0.05க்கும் 0.15க்கும் இடையில் நிற்பவை நம் கிழமையில் 142, தவறிய நான்கில் மூன்று அங்கேதான் இருந்தன. அந்தப் பகுதியிலிருந்து 70, மிச்சம் 810இலிருந்து 30 என்று எடுக்கலாம். எண்ணும்போது மட்டும் கவனம்: மேல் பகுதியில் 142இல் 70தான் பார்த்தீர்கள், ஆகவே அங்கே அகப்படும் ஒவ்வொன்றையும் ஏறக்குறைய இரண்டாக எண்ண வேண்டும். கீழ்ப்பகுதியில் அகப்படும் ஒன்று 27ஆக எண்ணப்படும். கீழே ஒன்று அகப்பட்டால் மதிப்பீடு தூக்கியடிக்கும் என்பதால், ஒரு கிழமையின் எண்ணை வைத்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று மாதத்தைச் சேர்த்துக் கூட்டுங்கள்.

இன்னொரு வழி மெயிலுக்கு வெளியே இருக்கிறது. தவறிய அவசரம் ஏதாவது ஒரு வழியில் திரும்பி வரும்: வாடிக்கையாளர் கோபத்தோடு தொலைபேசி எடுப்பார், டெமரேஜ் பில் வரும், சரக்கு பழுது என்று ஒரு கடிதம் வரும். மாத முடிவில் அந்தப் பில்களையும் முறைப்பாடுகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏதாவது மெயில் வந்திருந்ததா, அதில் கொடி ஏறியதா என்று பின்னோக்கித் தேடுங்கள். நட்டத்தில் முடிந்தவைதான் இதில் அகப்படும், யாரோ தற்செயலாகப் பார்த்துக் காப்பாற்றியவை அகப்படாது. ஆகவே இதிலிருந்து ரீகால் எண் எடுக்க முடியாது. ஆனால் அகப்பட்ட ஒவ்வொரு மெயிலையும் நிரல் கற்கும் தொகுப்பில் சேருங்கள், பரீட்சைத் தொகுப்பில் சேர்க்காதீர்கள். நிரல் தோற்ற மெயில்களை மட்டும் பொறுக்கிப் பரீட்சையில் போட்டால், அடுத்த மாதம் அதன் ரீகால் காரணமில்லாமல் சரிந்ததாகத் தெரியும்.